35 டாலர் ஜன்னல் மூடிய பிறகு

1971-ல் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்ததும் தங்க விலை ஏன் தினமும் மாற ஆரம்பித்தது?

35 டாலர் என்பது தங்கத்தின் சந்தை விலை அல்ல, டாலருக்கு அரசு தந்த வரையறை. வெளிநாட்டு மத்திய வங்கி எதுவும் 35 டாலர் கொடுத்து அமெரிக்கக் கருவூலத்தில் ஓர் அவுன்ஸ் (31.1 கிராம்) வாங்கலாம்; அதே விலைக்கு விற்கவும் செய்யலாம். அதனால் சந்தை விலை அதைவிட்டு அதிகம் விலகவில்லை. லண்டனில் விலை ஏறினால் மத்திய வங்கிகள் கூட்டாகத் தங்கத்தை விற்று அமுக்கின. கையிருப்பு கரைந்ததால் 1968 மார்ச்சில் அதைக் கைவிட்டன. தனியார் சந்தை விலை அப்போதே தனி வழியில் போய்விட்டது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டு மத்திய வங்கிகளுக்கு 35 டாலருக்குத் தங்கம் விற்ற கருவூல ஜன்னல் மட்டும் திறந்திருந்தது; 1971 ஆகஸ்ட் 15-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் அதையும் மூடினார். பிறகு 38 டாலர், 1973-ல் 42.22 டாலர் என்று அரசு விலையை உயர்த்தியும் பயனில்லை, அந்த விலைக்கு விற்க யாருமில்லையே! வாங்குபவரும் விற்பவரும் சந்திக்கும் புள்ளியே விலையானது. பணவீக்கமும் வட்டி விகிதமும் அதை நகர்த்தின. 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்டது. அமெரிக்கக் கருவூலத்தின் கணக்கேட்டில் மட்டும் இன்றும் 42.22 தான்.