பழைய பேராசிரியரிடம் பரிந்துரை கேட்பது

வணக்கம். நான் கட்டமைப்புப் பொறியாளர். தொழில்முறைப் பதிவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். மூன்று பரிந்துரையாளர்கள் வேண்டும். இரண்டு பேர் அலுவலகத்திலேயே கிடைத்துவிட்டார்கள். மூன்றாவதாக, 2018-இல் என் இறுதியாண்டு புராஜெக்டுக்கு வழிகாட்டிய பேராசிரியரைக் கேட்க நினைக்கிறேன். அதன்பின் அவரோடு தொடர்பே இல்லை. எப்படி எழுதுவது? கடிதத்தை நானே தயாரித்து, கையெழுத்து மட்டும் கேட்டால் அவருக்கு வேலை மிச்சமாகுமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவருக்கு எழுதும் முன் பரிந்துரையாளர் படிவத்தை இறக்கி முழுக்க வாசியுங்கள். பரிந்துரையாளரும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்று பதிவு வழங்கும் மன்றங்கள் சில கேட்கும். உங்கள் பேராசிரியர் பதிவு பெறாதவர் என்றால் அவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்த இடம் காலியாகவே கருதப்படும். சில படிவங்களில் வேலை அனுபவத்துக்குச் சாட்சி சொல்பவரும் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்பவரும் வேறு வேறு. அவரை எதற்குக் கேட்கிறீர்கள் என்பது உங்களுக்கே முதலில் தெரிய வேண்டும்.

மேற்படிப்புக்கு வாங்கும் கடிதம் போன்றதல்ல இது. ‘கெட்டிக்காரர், கடின உழைப்பாளி’ என்ற வரிகளால் மதிப்பீட்டாளருக்குப் பயனில்லை. இவரை எந்தக் காலத்தில், எந்த முறையில் அறிவீர்கள், எந்த வேலையை நேரில் பார்த்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். பேராசிரியர் பார்த்தது புராஜெக்ட் காலத்தை மட்டும். உங்கள் கணக்கீட்டை நீங்களே சரிபார்த்த விதம், எதிர்பார்த்த முடிவு வராதபோது அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதியது, இவற்றை அவர் சொல்லலாம். இன்று நீங்கள் வடிவமைக்கும் கட்டடங்களைப் பற்றி அவர் எழுதினால், இது இவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். சரியாகச் சொன்ன பகுதியும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

முதல் மெயில் சம்மதம் கேட்க மட்டும். இணைப்பு எதுவும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

“பொருள்: பொறியாளர் பதிவுக்குப் பரிந்துரை வேண்டி – (முழுப்பெயர்), 2018 இறுதியாண்டு

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். 2018-இல் தங்கள் வழிகாட்டலில் (புராஜெக்ட் தலைப்பு) செய்த நால்வரில் நான் ஒருவன். விரிசல் அளவீடும் அதன் கணக்கீடும் என் பங்கு. இப்போது கட்டமைப்பு வடிவமைப்பில் இருக்கிறேன். தொழில்முறைப் பதிவுக்கு விண்ணப்பிக்கிறேன். அந்தப் புராஜெக்டில் தாங்கள் பார்த்த என் வேலையைப் பற்றி மட்டும் இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பித் தர இயலுமா? கடைசி நாள் அடுத்த மாதம் 30. தங்களுக்குச் சரியாக நினைவில்லை என்றாலோ நேரமில்லை என்றாலோ தயங்காமல் சொல்லுங்கள். வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசி வாக்கியத்தை மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. மறுக்க வழியில்லாமல் ஒப்புக்கொள்பவர் நான்கு பொது வரிகளை எழுதி அனுப்பிவிடுவார். மறுப்பு வந்தால் உங்களுக்கு இழப்பில்லை, மொண்ணையான பரிந்துரைதான் கெடுக்கும். ‘நால்வரில் என் பங்கு’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். குழுவாகச் செய்த வேலையில் புராஜெக்ட் நினைவிருக்கும், யார் எதைச் செய்தார் என்பது மறந்திருக்கும்.

அவர் சரி என்று சொல்லும்வரை விண்ணப்பத் தளத்தில் அவர் பெயரைப் பதிய வேண்டாம். பதிந்ததும் தானியங்கி மெயில் போய்விடும். உங்கள் கடிதத்துக்கு முன் அது போய்ச் சேர்வது அழகல்ல. சம்மதித்தபின், எந்த மெயில் முகவரியைக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். கல்லூரி முகவரியை ஏற்கும் மன்றங்கள் சொந்த முகவரியை ஏற்காமல் போகலாம். ஓய்வு பெற்றவரிடம் கல்லூரி முகவரியே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் மன்றத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தானியங்கி மெயில் சில நேரம் ஸ்பேமில் விழும், அதில் வரும் லிங்க் சில நாளில் காலாவதியாகவும் கூடும். அது எந்த முகவரியிலிருந்து வரும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது மெயிலில் படிவமும், ஒரே பக்கத்தில் தகவல்களும் போதும்: புராஜெக்ட் தொடங்கி முடிந்த மாதங்கள், உங்கள் பங்கு, அறிக்கைச் சுருக்கம், இன்றைய வேலை பற்றி மூன்று வரி. இதோடு நிறுத்துங்கள். முழுக் கடிதத்தையும் நீங்கள் எழுதிக் கொடுப்பது கூடாது. படிவத்தில் ‘இது என் சொந்தக் கருத்து’ என்ற உறுதிமொழியின் கீழ் அவர் கையெழுத்திட வேண்டியிருக்கலாம். உங்கள் அனுபவ அறிக்கையின் நடையிலேயே பரிந்துரையும் இருந்தால் மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துவிடுவார். அவர் போனில் கூப்பிட்டு விசாரித்தால் தர்மசங்கடம் பேராசிரியருக்குத்தான்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை, இனிஷியல். கல்லூரிப் பதிவில் ‘ஆர்.’ என்றும் விண்ணப்பத்தில் அப்பா பெயர் விரிந்தும் இருந்தால் மன்றத்துக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். விண்ணப்பத்தில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். பழைய பெயர் அருகில் அடைப்புக்குறிக்குள் வரட்டும்.

பத்து நாளாகியும் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்கு ஒரு வரி நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் முகவரி மாறிவிட்டதா என்று துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கடைசி நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போதும் பதில் வராவிட்டால் வேறு ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். அவருக்கும் படிவம் நிரப்ப நாள் வேண்டுமே.