கிவ்அவே பதிவுக்கு எப்படி கமெண்ட் போடுவது?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு கடையின் கிவ்அவே பதிவில் ரூல்ஸ் படி ஃப்ரெண்ட்ஸை டேக் பண்ணி கமெண்ட் போட வேண்டும். ஸ்பேம் மாதிரி தெரியாமல் எப்படி எழுதுவது?

தோழி ஒருத்தி பாத்திரக்கடை நடத்துகிறாள். அவள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நடந்த நான்கைந்து போட்டிகளுக்கு வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

குலுக்கலை ஒரு செயலி செய்துவிடும். ஆனால் பெயர் வந்ததும் பரிசு கையில் வந்துவிடாது. அந்த ஆள் விதிகளை முடித்திருக்கிறாரா என்று நாங்கள் கையால் பார்ப்போம், இல்லையென்றால் அடுத்த பெயர். ஒருமுறை முதலில் வந்த மூன்று பெயர்களையும் கழித்துக்கட்ட வேண்டியிருந்தது. இரண்டு பேர் சினிமா நட்சத்திரங்களை டேக் செய்திருந்தார்கள். மூன்றாமவர் ஒரே கமெண்டைப் பதினொரு தடவை ஒட்டியிருந்தார், விதியில் ‘ஒருவருக்கு ஒரு கமெண்ட்’ என்று இருந்தும்.

அந்தப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். பரிசு இரும்பு தோசைக்கல். பக்கத்தைப் பின்தொடர வேண்டும், பதிவை லைக் செய்ய வேண்டும், இரண்டு நண்பர்களைக் குறிப்பிட்டு உங்கள் வீட்டு தோசைக்கல்லைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். ஞாயிறு இரவு 9 மணியோடு முடிகிறது, இந்திய முகவரி மட்டும். எனக்குப் பிடித்த கமெண்ட் ஏறக்குறைய இப்படி இருந்தது (ஐடிகளை எடுத்துவிட்டேன்):

"எங்கள் கல்லில் முதல் தோசை எப்போதும் ஒட்டும், அதை அப்பா தட்டில் போட்டுவிடுவோம். [தங்கை ஐடி] உன் நான்ஸ்டிக் தேய்ந்துபோச்சே, நீயும் போடு. [நண்பர் ஐடி] வெங்காயம் தேய்த்துக் கல்லைப் பழக்குவது எப்படி என்று கேட்டாயே, இந்தப் பக்கத்தில் வீடியோ இருக்கு."

இதில் இரண்டு பேருக்கும் அவரவர் பெயர் ஏன் வந்தது என்பது தெரிகிறது. அவர்கள் போனில் நோட்டிஃபிகேஷன் வரும்போது ‘என்னை ஏன் இழுத்தாய்’ என்று தோன்றாது. ஸ்பேம் வாடை வருவது பெரும்பாலும் காரணம் சொல்லாத வெறும் ஐடி வரிசையால்தான், எண்ணிக்கை அதற்கப்புறம்தான்.

ஆளைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: பரிசு அவருக்கு விழுந்தால் சந்தோஷப்படுவாரா? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனை இந்திய முகவரி மட்டும் என்ற போட்டிக்கு இழுப்பதில் அர்த்தமில்லை. அலுவலக மேலாளர் வேண்டவே வேண்டாம். முந்தின நாளே வாட்ஸ்அப்பில் "டேக் பண்ணட்டுமா?" என்று கேட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. மறுத்தால் விட்டுவிடுங்கள். போட்டிக்கென்றே நீங்கள் திறந்த இரண்டாவது கணக்கை நண்பராகக் காட்டாதீர்கள். பதிவு எதுவும் இல்லாத கணக்கு என்றால் எங்களுக்கு உடனே சந்தேகம் வரும்.

சில கடைக்காரர்கள் விதியில் ‘எத்தனை டேக் வேண்டுமானாலும், ஒவ்வொன்றும் ஒரு வாய்ப்பு’ என்று எழுதுவார்கள். ஆசை வரும், தெரியும். இன்ஸ்டாகிராம் ஒரு கமெண்டில் 5 ஐடிகளுக்கு மேல் ஏற்பதில்லை. ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டினாலும் தடுக்கும், சில நேரம் கமெண்ட் போடும் வசதியையே கொஞ்ச காலம் நிறுத்திவைக்கும். நானாக இருந்தால் மூன்று கமெண்ட், ஒவ்வொன்றிலும் வேறு ஆள், வேறு வரி, இடையில் சில மணி நேரம் இடைவெளி. அத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

இன்னொரு குழப்பம். கமெண்டில் @ போட்டு எழுதுவது குறிப்பிடுதல்தான். படத்தில் இல்லாத ஆளைப் படத்தின் மேல் டேக் செய்வது வேறு விஷயம், அப்படிச் செய்யச் சொல்லிப் போட்டி நடத்த இன்ஸ்டாகிராம் விதியே அனுமதிப்பதில்லை. ஃபேஸ்புக்கிலோ ‘நண்பர்களை டேக் செய்தால்தான் போட்டியில் சேரலாம்’ என்பதே விதிமீறல். அங்கே அப்படிக் கேட்கும் பக்கத்தை நான் தாண்டிப் போய்விடுவேன்.

‘ஸ்டோரியில் பகிர வேண்டும்’ என்று இருந்தால் உங்கள் கணக்கு பிரைவேட்டா என்று பாருங்கள். பிரைவேட் என்றால், உங்களைப் பின்தொடராத கடைக்காரருக்கு அந்த ஸ்டோரி தெரியாது. நீங்கள் செய்திருந்தும் செய்யாத கணக்கில் போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர்களுக்கு ஒரு முறை அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், கமெண்ட் போட்ட சில மணி நேரத்தில் "வாழ்த்துகள், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்" என்று கடையின் பெயரிலேயே மெசேஜ் வரலாம். ஐடியில் ஒரு எழுத்தோ ஒரு கோடோ கூடுதலாக இருக்கும், கூரியர் செலவுக்கு என்று பணமோ கார்டு எண்ணோ கேட்பார்கள். எங்கள் போட்டியிலும் இப்படி ஒரு போலிக் கணக்கு முளைத்தது, ஞாயிறு 9 மணி ஆவதற்கு முன்பே.