மனைவிக்குத் தெரியாமல் ஒரு பட்ஜெட்

அன்புள்ள ஐயா,
ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அடுத்த மூன்று மாதங்களுக்கு மாதம் பத்து நாள் சம்பளமில்லா விடுப்பு என்று அறிவித்துவிட்டார்கள். கைக்கு வரும் 45,000 இனி 30,000. எஸ்.ஐ.பி. 3,000 ரூபாயை நிறுத்தலாமா? பாலையும் பேப்பரையும் குறைத்தால் போதுமா? கிரெடிட் கார்டில் 20,000 பாக்கி. இப்போதைக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டலாம் என்றிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
ர.

அன்புள்ள தம்பி,

எஸ்.ஐ.பி.யை நிறுத்துங்கள், பிறகு தொடரலாம். பாலில் கை வைக்காதீர்கள். உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது.

2020-இல் எங்கள் அலுவலகத்தில் சம்பளம் பாதியானது. உடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் மூச்சுவிடவில்லை. கார்டில் பணமெடுத்து, வழக்கமான தொகையை மாதாமாதம் மனைவியிடம் கொடுத்தார். அப்படி எடுக்கும் பணத்துக்கு அன்றே வட்டி ஓடத் தொடங்கும், கட்டணம் தனி. கடைசியில் வசூல்காரர் வீட்டுக்குப் பேசித்தான் அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

நீங்களும் அதே வாசலில்தான் நிற்கிறீர்கள். 20,000 பாக்கிக்குக் குறைந்தபட்சம் 5 சதவீதம், அதாவது 1,000 கட்டுவீர்கள். மிச்சம் 19,000-க்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி 665, அதன்மேல் ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 785. அடுத்த மாதம் நீங்கள் கட்டும் ஆயிரத்தில் கடன் குறைவது இருநூற்றுச் சொச்சம். இதைவிட மோசம், பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாக் கெடு கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி. குறைந்தபட்சத் தொகை என்று பெயர் வைத்தவன் பலே ஆள்.

மலிவான வழி வங்கி நகைக்கடன். ஆனால் நகை மனைவியுடையது. அவரிடம் சொல்லாததால்தான் உங்கள் கண்ணுக்குக் கார்டு மட்டும் தெரிகிறது. இந்த ரகசியத்துக்குத்தான் தம்பி, மூன்றரை வட்டி கட்டப் போகிறீர்கள்! வீட்டுச் செலவை நடத்துகிறவருக்குத் தெரியாமல் நீங்கள் போடுவது பட்ஜெட்டா?

இன்றிரவே உட்காருங்கள். துண்டு விழுவது 15,000. எஸ்.ஐ.பி.யில் 3,000. அவரும் நீங்களுமாக வீட்டுச் செலவில் 5,000 குறைத்தால் (எங்கே குறைப்பது என்று அவர் சொல்லட்டும்) மீதித் துண்டு 7,000. மூன்று மாதத்துக்கு 21,000. கார்டு பாக்கியையும் சேர்த்து 41,000-க்கு நகை வையுங்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றாலும் மாத வட்டி 350-ஐத் தாண்டாது. கார்டை முழுதாக அடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அடகுக்கடைப் பக்கம் போகாதீர்கள். வங்கியில் மீட்பதற்கான கெடு தேதியை இருவரும் எழுதி வையுங்கள், தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

விடுப்பு நான்காவது மாதமும் நீண்டால் மறுபடி நகை வைக்க வேண்டாம். அப்போது எஸ்.ஐ.பி.யில் சேர்ந்திருப்பதை விற்றுச் சமாளியுங்கள்.