எடுத்துவிட்ட வரி

கேள்வி: பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் சாமை அரிசி, ராகி மாவு செய்து விற்கிறேன். தருமபுரியில் ஒரு கல்லூரியில், சாமையை உடையாமல் உமி நீக்குவது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடையில் படிக்க 100 சொல்லுக்குள் அறிமுகக் குறிப்பு கேட்டார்கள். நான் ஒன்று எழுதினேன். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி அதை மாற்றி இன்னொன்று எழுதி அனுப்பினான். வீட்டில் எல்லோரும் அவன் எழுதியதுதான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மாமியாரிடம் கற்றதாக நான் எழுதிய வரியை மட்டும் அவன் எடுத்துவிட்டான். வீட்டு விஷயம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். நிகழ்ச்சிக்கு அவரும் வருகிறார். இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எதை அனுப்பலாம்?

— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: எதை அனுப்பலாம் என்பதை அப்புறம் பார்ப்போம். "அவரும் வருகிறார்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசிவிட்டு மற்றதற்கு வருகிறேன். மைக்கில் உங்கள் குறிப்பைப் படிக்கும்போது அந்த அம்மா கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். சாமையைப் பல்லில் கடித்துப் பதம் பார்க்க உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், தன் பேச்சே இல்லாத உங்கள் கதையைக் கேட்டுக் கைதட்ட வேண்டும். இதை நினைத்துப் பார்த்தீர்களா?

வீட்டு விஷயம் என்கிறீர்கள். பொட்டலத்தில் போட்டு விற்கிற வரைக்கும் வந்துவிட்ட பிறகு அது எப்படி வீட்டு விஷயம்? வீட்டுப் பெரியவரிடம் கற்ற தொழிலை நாலு பேர் முன்னால் சொல்லுவது கடமை என்று நம்புகிறவள் நான். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதற்காக மட்டும் அந்த வரியை வைக்கச் சொல்லவில்லை. இரண்டு குறிப்பிலும் சேர்த்துப் பார்த்தால் அதுதான் வலுவான வரி. தம்பிக்கும் வீட்டாருக்கும் அது தெரியாமல் போனதற்குக் காரணம், முழுக் குறிப்பையும் ஒரே மூச்சில் படித்து, எது காதுக்கு நன்றாக ஒலிக்கிறது என்று பார்த்ததுதான். அப்படிப் பார்த்தால் வழவழப்பானதுதான் எப்போதும் ஜெயிக்கும்.

ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் உங்களுடையதையும் வலப்பக்கம் தம்பியுடையதையும் எழுதுங்கள். முதல் வரிக்கு எதிரே முதல் வரி, இரண்டாவதுக்கு எதிரே இரண்டாவது என்று வைக்கக் கூடாது. ஒரே வேலையைச் செய்யும் வரிகளை எதிரெதிரே வையுங்கள். யார் என்று சொல்லும் வரி, எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று சொல்லும் வரி, இப்போது என்ன செய்கிறார் என்று சொல்லும் வரி, இன்றைக்கு ஏன் இவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் வரி. ஒரு பக்கத்தில் இருக்கும் வேலைக்கு மறுபக்கத்தில் ஆள் இல்லையென்றால் இடத்தைக் காலியாகவே விடுங்கள். நான் அப்படி எழுதிப் பார்த்தேன். "சாமையைப் பல்லில் கடித்துப் பதம் பார்த்துக் குத்த என் மாமியாரிடம் கற்றுக்கொண்டேன்" என்ற உங்கள் வரிக்கு எதிரே வெறும் தாள்தான் இருந்தது.

நீங்கள் பேசப் போகும் தலைப்பை இப்போது பாருங்கள். சாமை உடைவதும் உடையாததும் பெரும்பாலும் அதன் ஈரத்தில்தான் இருக்கிறது. ஈரம் மிஞ்சினால் உமி கழலாமல் நசுங்கும், அளவுக்கு மேல் காய்ந்தால் அரிசி நொய்யாகிவிடும். அந்தப் பதத்தைப் பல்லால் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு, அதே பதத்தைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறீர்கள். இந்தப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கிற மாணவிக்குத் தம்பியின் குறிப்பில் பதில் இல்லை.

மற்ற வரிகளுக்கு வருவோம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே சோதனைதான் செய்தேன். உங்கள் பெயரை எடுத்துவிட்டு, ஊறுகாய் போடும் இன்னொரு பெண்ணின் பெயரை அந்த வரியில் வைத்துப் படித்தேன். அப்போதும் வரி பொருந்தினால் அது உங்களைப் பற்றிய வரி இல்லை.

தம்பி "சிறுதானியப் புரட்சியின் முன்னோடி" என்று தொடங்குகிறார். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்தச் சொல்லை எத்தனையோ பேருக்குப் போட்டுவிட்டார்கள். அது கிடக்கட்டும். நீங்கள் பேசப்போவது தருமபுரியில். இதே மாவட்டத்தில் சிட்லிங்கிப் பக்கம் உழவர்கள் ஒன்றுசேர்ந்து சிறுதானியத்தை இயற்கை முறையில் விளைவித்து விற்று வருகிறார்கள். தாத்தா காலத்திலிருந்து சாமை விதைத்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்தக் கல்லூரியிலேயே படிப்பார்கள். அவர்கள் எதிரில் முன்னோடி என்றால் முதல் வரியிலேயே நம்பிக்கை போய்விடும். உங்கள் முதல் வரி ஊரைச் சொல்கிறது. அதுவே போதும். ஆனால் அதோடு ஒட்டியிருக்கும் "பத்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன்" என்பதை எடுங்கள். படிப்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த "வரைதான்" மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கிறது.

அடுத்த ஜோடி, "வெற்றிகரமாக நடத்தி வருகிறார், பல பெண்களுக்கு வேலைவாய்ப்பு அளிக்கிறார்" என்பதும், "2016இல் வீட்டு உரலில் தொடங்கி, இப்போது மாதம் 300 கிலோ விற்கிறேன், என்னோடு 6 பெண்கள் வேலை செய்கிறார்கள்" என்பதும். இதில் யோசிக்க வேண்டியதே இல்லை. "பல" என்றால் 3 பேராகவும் இருக்கலாம், 30 பேராகவும் இருக்கலாம், கேட்பவர் மனதில் எதுவும் நிற்காது. 6 என்றால் ஆறு முகம் தெரியும். ஆனால் அந்த 300 கிலோ எல்லா மாதமும் உண்மைதானா? நன்றாகப் போன மாதத்தின் கணக்கு என்றால் மாற்றி, எந்த மாதமும் அதற்குக் கீழே போகாத எண்ணைப் போடுங்கள். எண் சொன்னால் யாராவது எழுந்து கணக்குக் கேட்பார்கள்.

அப்படி எழப்போகும் கேள்வி ஒன்று எனக்கே வந்தது. மாதம் 300 கிலோவையும் உரலிலேயே குத்துவது லேசல்ல. மெஷின் வாங்கியிருப்பீர்கள். உரலிலிருந்து மெஷினுக்கு மாறியதை நீங்களும் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் காலியாக இருக்கும் இடத்தையும் இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டில் எது நல்லது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டிலும் இல்லாதது கண்ணில் படாது.

தம்பி சேர்த்திருக்கும் "உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்றவர்" என்ற வரி வேண்டாம். உணவு செய்து விற்கிற எல்லோரும் சட்டப்படி எடுத்தே ஆக வேண்டிய பதிவு அது. அந்த எண் பொட்டலத்தில் இருக்க வேண்டும். மேடையில் சொன்னால், இவருக்குச் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

தம்பி ஜெயித்த இடமும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். நீங்கள் "நான்" என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கப்போவது ஒரு மாணவி. அவர் வாயில் "நான் சாமை குத்துகிறேன்" என்று வந்தால் கூட்டம் சிரிக்கும். மேடையில் இன்னொருவர் படிக்கும் குறிப்பு படர்க்கையில்தான் இருக்க வேண்டும். தம்பி அதைச் சரியாகச் செய்திருக்கிறார். கடைசி வரியிலும் அவர் உங்களை முந்துகிறார். எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று அவர் சொல்கிறார். நீங்களோ "எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, தெரிந்ததைப் பேசுகிறேன்" என்று முடிக்கிறீர்கள். இதற்கு உங்களைக் கோபித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒன்றும் தெரியாதவரையா பேசக் கூப்பிட்டார்கள்? மாமியாரின் வரியை எடுக்கச் சம்மதித்ததும் இந்த வரியை எழுதியதும் ஒரே குணம்தான். வீட்டில் கற்றது அறிவாகாது என்று உங்களுக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது. அதை உங்கள் பெண்பிள்ளைகள் காதில் விழும்படி மேடையில் சொல்லாதீர்கள்.

சரி, இரண்டில் ஒன்றை அனுப்பச் சொல்ல மாட்டேன். ஜெயித்த வரிகளை மட்டும் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். மெஷின் இருக்கிறது என்று நானாக எடுத்துக்கொண்டேன், இல்லையென்றால் திருத்துங்கள். புள்ளி வைத்த இடங்களில், முதலில் உங்கள் பெயர், அப்புறம் மாமியார் பெயர்.

"…… பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் சாமை அரிசியும் ராகி மாவும் தயாரித்து விற்பவர். 2016இல் வீட்டு உரலில் தொடங்கினார். இப்போது மெஷின் வைத்து, 6 பெண்களோடு சேர்ந்து மாதம் 300 கிலோ தயாரிக்கிறார். மெஷினில் போடும் முன்பு இன்றைக்கும் சாமையைப் பல்லில் கடித்துத்தான் பதம் பார்க்கிறார். அதைக் கற்றுக்கொடுத்தவர் இவருடைய மாமியார் ……. சாமையை உடையாமல் உமி நீக்குவது எப்படி என்று இன்று நம்மிடம் பேசுகிறார்."

100 சொல் வரவில்லை என்று எதையும் திணிக்காதீர்கள். 100 என்பது மேல் எல்லைதான். வரி வரியாகப் பொறுக்கிச் சேர்த்ததில் வரும் குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியும் நன்றாக இருந்தும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் போகலாம். அதனால் வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வரியை உடையுங்கள். வீட்டில் யாரிடமும் அபிப்பிராயம் கேட்காதீர்கள். உங்களைத் தெரிந்தவர்கள், குறிப்பில் இல்லாததையும் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். உங்கள் தொழில் தெரியாத ஒருவரிடம் ஒரு தடவை படித்துக் காட்டி, தாளை மூடிவிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். பல்லில் கடிப்பதையும் மாமியாரையும் சொன்னால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். "ஏதோ நல்ல தொழில் பண்றாங்க" என்றால் எங்கோ இன்னும் பொதுவாக எழுதியிருக்கிறோம்.

கல்லூரிக்கு அனுப்பும் முன்பு ஒரு மாலை அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக் காட்டுங்கள். கடித்துப் பார்க்கும் விஷயத்தை நீங்கள் தப்பாக எழுதியிருந்தால் அவர் உடனே சொல்வார். அவர் சொல்கிறபடியே திருத்தி அனுப்புங்கள்.