போன், கதவுக் கைப்பிடி, சுவிட்ச் துடைக்க வைப்ஸ் நல்லதா, ஸ்பிரே நல்லதா? எவ்வளவு நேரம் விடணும்?

உங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்றபடி சாதாரண நாளில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியே போதும், அதைச் சொல்ல யாரும் கமெண்டுக்கு வர வேண்டாம்.

போன சித்திரையில் அம்மாவுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. வெள்ளை அணு குறைந்துவிட்டது, கை படுகிற இடத்தையெல்லாம் துடைத்து வையுங்கள் என்றார் நர்ஸ். நாங்கள் திருநகரில் வாடகைக்கு இருந்தோம். நான் வைப்ஸ் டப்பா வாங்கினேன், தம்பி ஸ்பிரே வாங்கி வந்தான்.

டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில், துடைத்த இடம் 4 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. வாசல் கதவின் எவர்சில்வர் கைப்பிடியைத் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். தலைக்கு மேல் ஃபேன், வெளியே மதுரை வெயில். ஒரு நிமிடம் ஆகுமுன் ஈரப் பளபளப்பு போய்விட்டது. அதுவரை ஒரு வாரமாக ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, கிருமி செத்தது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஈரம் இருக்கிறவரைக்கும்தான் மருந்து வேலை செய்யும், காய்ந்தால் நின்றுவிடும். அப்புறம் ஃபேனை நிறுத்திவிட்டு, முதலில் கைப்பிசுக்கைத் துடைத்து எடுத்து, புது வைப்ஸால் நன்றாக நனைத்து, காயக் காயத் திரும்பவும் நனைத்தேன். கைப்பிடிக்கு ஸ்பிரேயும் நல்லதுதான், ஆனால் லேசாகப் புகை மாதிரி அடித்தால் பாதி இடம் நனையாது. முழுக்க நனையும்படி அடித்துவிட்டு அப்படியே விட வேண்டும். நேரம் பொருளுக்குப் பொருள் மாறும், உங்கள் டப்பாவில் உள்ளதைப் பாருங்கள்.

சுவிட்சுக்கு மட்டும் ஸ்பிரே கூடவே கூடாது. தம்பி நேராக ஹால் போர்டில் அடித்தான். சுவிட்ச் இடுக்கில் தண்ணீர் இறங்கி 'டப்' என்று ஒரு சத்தம், மெயின் விழுந்துவிட்டது. ஆல்கஹால் கலந்த ஸ்பிரே என்றால் தீப்பொறியில் பற்றவும் செய்யும். மெயினை அணைத்துவிட்டு, பிழிந்தால் சொட்டாத வைப்ஸால் மேலாகத் துடையுங்கள். வீட்டுக்காரர் அந்த போர்டுக்கு அட்வான்ஸில் 800 ரூபாய் பிடித்துக்கொண்டார். அது நாங்கள் குடிவரும்போதே விரிசல் விட்டிருந்தது. மூன்று வருஷம் ஒழுகிய தொட்டிக்கு ஒரு கொத்தனாரை அனுப்பாதவர், காலி செய்கிற அன்றைக்கு மட்டும் டார்ச் அடித்து ஒவ்வொரு சுவரையும் பார்த்தார்.

போனுக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைப்ஸ். 99 சதவீதம்தான் வீரியம் என்று மருந்துக்கடையில் தருவார்கள், வாங்காதீர்கள். அது சட்டென்று பறந்துவிடும், கிருமியின் புரதத்தைக் குலைக்க அதில் தண்ணீரும் வேண்டும். போனை அணைத்து, கவரைக் கழற்றி, சார்ஜ் ஓட்டைப் பக்கம் போகாமல் துடைத்து, ஒரு நிமிடமாவது ஈரமாக வையுங்கள். பிளீச்சிங் கலந்தது வேண்டாம். கவரைத் தனியாகத் துடைக்க மறக்காதீர்கள், அம்மாவின் போன் கவர் மடிப்பில்தான் அத்தனை அழுக்கும் இருந்தது.