விசை ஒலியில் அட்டை எண்

போனில் பணம் கட்டும்போது அட்டை எண்ணை அழுத்தச் சொல்கிறார்கள். எதிர்முனையில் பேசுபவருக்கு அது கேட்காதா?

முறையாக அமைத்திருந்தால் கேட்காது. ஒவ்வொரு விசையும் இரண்டு அதிர்வெண்கள் கலந்த ஒலியை எழுப்பும். 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து செல்லும். அழைப்பு ஊழியரை அடையும் முன்பே இடையிலுள்ள அமைப்பு அந்த ஒலியைப் பிடித்து, எண்ணாக்கிப் பணப் பரிவர்த்தனை அமைப்புக்கு அனுப்பிவிட்டு, ஊழியரின் காதுக்கும் உரையாடல் பதிவுக்கும் எல்லா எண்களுக்கும் ஒரேபோன்ற பீப் ஒலியை மட்டும் விடுகிறது. அவர் திரையில் நட்சத்திரக் குறிகளே தெரியும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒலியை அடையாளம் காணச் சில பத்து மில்லிவினாடிகள் பிடிக்கும் என்பதால், அதற்குள் தொடக்கத் துணுக்கு கசிந்து பதிவானால் எண்ணை மீட்டெடுக்க வாய்ப்புண்டு. பதிவில் 1-க்கும் 9-க்கும் ஒலி வேறுபட்டால் கசிவு உறுதி. அழைப்பின் ஒலியைச் சற்றே தாமதித்து அனுப்பினால் அது நிற்கும். ஆனால் அழுத்திக்கொண்டே எண்களை வாய்விட்டுச் சொன்னால் இந்த அமைப்பு காக்காது.