கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்தது போல் தெரிகிறதா? மாநிறத்துக்கும் கருப்பு நிறத்துக்கும் கன்சீலர் கேள்வி-பதில்

மதுரையிலும் சுற்று ஊர்களிலும் இருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கருப்பு. கன்சீலரை ஒரு ஷேடு வெளுப்பாக எடுத்தால் கண் பளிச்சென்று தெரியும் என்று கடையில் சொன்னார்கள். போட்டால் கண்ணுக்குக் கீழே சாம்பல் பூசியது போல் இருக்கிறது. கன்சீலர் மட்டமானதா? – திருமங்கலம் வாசகி

கன்சீலரில் குறை இருக்க வேண்டிய அவசியமில்லை. அதற்கு முன்னால் போட வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வெளுத்த ஷேடுகளில் டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற வெள்ளை நிறமி அதிகம். கருமையான இடத்தின் மேல் வெள்ளையை மெல்லிசாகப் பூசினால் அது வெள்ளையாகத் தெரியாது. கறுத்த வாணலியில் நீர்மோர் சிந்தினால் நீலம் கலந்த சாம்பலாகத் தெரியுமே, அதே கதைதான். சாம்பலை மறைக்க இன்னும் ஒரு பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று என்று போட்டால் மதியத்துக்குள் கண்ணுக்குக் கீழே கோடு கோடாக விழுந்துவிடும்.

கருவளையத்தில் உள்ள நீலமும் சாம்பலும் அடங்க, எதிர் நிறமான ஆரஞ்சு வேண்டும். கலர் கரெக்டரின் வேலை அதுதான். மாநிறத்துக்குப் பீச் நிறம் போதும். உங்கள் நிறத்துக்கு நல்ல ஆரஞ்சு எடுங்கள். இன்னும் அடர்ந்த கருப்புக்குச் செங்கல் நிறம் போலச் சிவப்பு ஓடிய ஆரஞ்சு பொருந்தும். கருப்பான தோலில் பீச் போட்டால், அதில் உள்ள வெள்ளையே மறுபடி சாம்பலாகத் தெரியும். பலர் தவறுவது இங்கேதான்.

அலங்காநல்லூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண் ட்ரயல் மேக்கப்புக்கு வந்திருந்தாள், கிட்டத்தட்ட உங்கள் நிறம்தான். வேறு இடத்தில் போட்டுக்கொண்ட வெளுத்த கன்சீலரோடு வந்தாள். கண்ணைச் சுற்றி மட்டும் தூசி படிந்த மாதிரி இருந்தது. முழுவதும் துடைத்து, மாய்ச்சரைசர் தடவி, அது ஊறும் வரை காத்திருந்தோம். வலது கண்ணில் மட்டும் அரை அரிசி அளவு ஆரஞ்சு கரெக்டர் வைத்தேன். மூக்கோரக் குழியிலிருந்து கருமை முடியும் இடம் வரைதான் வைத்தேன், இமை முடியை ஒட்டி வைக்கவில்லை. மோதிர விரலால் ஒற்றி ஒற்றி விட்டேன், இழுக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து, அவள் கன்னத்தின் நிறத்திலேயே இருந்த, மஞ்சள் ஓடிய கன்சீலரை அதே அளவு மேலே ஒற்றினேன். இடது கண்ணில் கரெக்டர் இல்லாமல் அதே கன்சீலர் மட்டும் போட்டேன். ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணாடியைக் கொடுத்ததும் வித்தியாசம் அவளுக்கே தெரிந்தது. இடது பக்கம் சாம்பல் அப்படியே நின்றது, வலது பக்கம் வெறும் தோலாகத் தெரிந்தது.

அளவு சரியா என்பதைக் கன்சீலர் போடும் முன்பே பார்த்துவிடலாம். கரெக்டர் போட்ட இடம் பக்கத்துத் தோலைவிடச் சற்றுச் சூடான நிறமாகத் தெரிந்தால் போதும். ஆரஞ்சுப் பட்டையாகத் தெரிந்தால் அதிகம். சுத்தமான விரலால் ஒற்றி எடுத்துவிடுங்கள், கன்சீலரால் மூடப் பார்க்காதீர்கள். கண் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால், கருமை அடங்கிய பிறகு, மூக்கோரத்தில் மட்டும் ஒரு ஷேடு வெளுத்ததை ஒரு புள்ளி வையுங்கள்.

மாசி வீதிக் கடையில் மணிக்கட்டில் போட்டுப் பார்த்து வாங்கினேன். அங்கே பொருந்தியது, வீட்டுக்கு வந்து முகத்தில் போட்டால் பொருந்தவில்லை. – வில்லாபுரம்

மணிக்கட்டின் உள்பக்கம் வெயில் படாத இடம், முகத்தைவிட வெளுப்பாகத்தான் இருக்கும். நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும்கூடக் கன்னத்தைவிடக் கருத்திருக்கும். அதனால் கன்னத்தின் கீழ்ப்பகுதியில், தாடை ஓரமாக, அடுத்தடுத்த இரண்டு ஷேடுகளைக் கோடு இழுத்துவிட்டுக் கடைக்கு வெளியே வந்து நிழலில் நில்லுங்கள். கடை விளக்கு வெளிச்சத்தை நம்ப வேண்டாம். கால் மணி நேரம் ஆகட்டும். தோலின் எண்ணெய் சேர்ந்ததும் சில கன்சீலர்கள் கருத்துவிடும். அதற்குப் பிறகும் எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லையோ அது உங்களுடையது.

கருப்பாக இருப்பவர்கள் எல்லோருக்கும் மஞ்சள் ஓடிய ஷேடு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். சிலர் தோலில் பச்சை கலந்த சாயல் இருக்கும், சிலருக்குச் செம்பழுப்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பரு வந்து போன இடமெல்லாம் கரும்புள்ளியாக நிற்கிறது. பச்சை கரெக்டர் போடச் சொல்கிறார்கள், போடலாமா? – மேலூர், கல்லூரி மாணவி

வேண்டாம் மா. பச்சை சிவப்பை அடக்கும். உன் புள்ளிகள் பழுப்பும் கருப்புமாக இருக்கின்றன. அதன் மேல் பச்சை போட்டால் பாசி படிந்த மாதிரி ஆகிவிடும். வெளுத்த தோலில் சிவந்து நிற்கும் பருவுக்குச் சொன்னதை நமக்கும் சொல்லிவிடுகிறார்கள்.

உனக்குத் தோல் நிறத்திலேயே, சற்றுக் கெட்டியான கன்சீலர் ஒன்று போதும். கண்ணுக்குக் கீழே போடும் நீர்த்த வகை இங்கே நிற்காது. மெல்லிய பிரஷ் முனையில் எடுத்துப் புள்ளியின் மேல் மட்டும் வைத்து, ஒரு நிமிடம் இறுகவிடு. பிறகு ஓரத்தை மட்டும் தட்டித் தோலோடு சேர்த்துவிடு, நடுவைத் தொட்டால் மறைப்பு போய்விடும். புள்ளி மிகவும் கருப்பாக இருந்தால் மட்டும், கீழே குண்டூசித் தலை அளவு ஆரஞ்சு. இங்கே வெளுத்த ஷேடு எடுக்கவே கூடாது, புள்ளி இருந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு தெரியும். கன்சீலர் நிறத்தைத்தான் மறைக்கும். மேடும் பள்ளமும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியத்தான் செய்யும். உடைந்து ஈரமாக இருக்கும் பருவின் மேல் எதையும் பூசாதே.

ஆரஞ்சு கரெக்டர் சரியான ஷேடில் போட்டும் கண்ணுக்குக் கீழே இருட்டாகவே இருக்கிறது. – உசிலம்பட்டி

அது நிறம்தானா, நிழலா என்று முதலில் பாருங்கள். முகம் கழுவி, ஜன்னலுக்கு நேர் எதிரே நின்று, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு தாடையை மெல்ல உயர்த்துங்கள். இருட்டு பெருமளவு மறைந்தால் அது கண்ணுக்குக் கீழ் உள்ள குழியின் நிழல். ஆரஞ்சு அதற்கு ஒன்றும் செய்யாது. குழியின் கோட்டில் மட்டும், ஒரு ஷேடு வெளுத்த கன்சீலரை நூல் போல இழுத்து ஒற்றுங்கள். மேலே உப்பிய பகுதியில் பட்டால் உப்பல் இன்னும் எடுத்துக் காட்டும். முகத்தை உயர்த்தியும் இருட்டு அப்படியே நின்றால், அது நிறம். கண் அடிக்கடி அரித்துத் தேய்க்கிற பழக்கம் இருந்தால், தோல் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது. தேய்க்கத் தேய்க்கக் கருமை கூடும்.

சித்திரையில் தங்கை கல்யாணம். போன முறை போட்டோவில் எனக்குக் கண்ணுக்குக் கீழே மட்டும் வெள்ளையாக விழுந்தது. – திருப்பரங்குன்றம்

கன்சீலருக்கு மேலே போட்ட வெள்ளைப் பவுடராக இருக்கலாம். சிலிக்கா கலந்த வெள்ளைப் பவுடர் கண்ணாடியில் தெரியாது, ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மஞ்சள் சாயலோ உங்கள் தோல் நிறமோ உள்ள பவுடரை, சின்ன பிரஷில் மிகக் குறைவாகத் தொட்டு வையுங்கள். வியர்த்தால் டிஷ்யூவால் ஒற்றிய பிறகே மறுபடி பவுடர், ஈரத்தின் மேல் போட்டால் திட்டாகிவிடும். முகூர்த்தத்துக்கு முந்தைய நாளே மேக்கப் போட்டு, இருட்டு அறையில் செல்போன் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

கரெக்டருக்குப் பதில் சிவப்பு லிப்ஸ்டிக் தடவலாமா? – சிம்மக்கல்

வேண்டாம். உதட்டுக்கு அனுமதித்த எல்லா நிறமியும் கண்ணருகே பூச ஏற்றதல்ல. எண்ணெய்ப் பசையால் மேலே போடும் கன்சீலரும் வழுக்கிக்கொண்டு போகும். ஆரஞ்சு கரெக்டர் சிறியது ஒன்று வாங்கினாலே, அரை அரிசி அளவில் பல மாதம் வரும்.